முன்கண்ணாடி மாற்றிய காருக்குப் பார்வை சரியா?

நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும் காரின் முன்கண்ணாடியில் ஒரு கல் தெறிக்கிறது. முதல் நாள் அது ஒரு புள்ளிதான். இரண்டு நாள் வெயிலும் ஏசி குளிரும் மாறி மாறிப் பட்டதும் விரிசல் குறுக்கே ஓடிவிடுகிறது. கண்ணாடிக் கடையில் பழையதை அறுத்தெடுத்துப் புதியதை ஒட்டி, மாலைக்குள் வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு வேலை அத்தோடு முடிந்தது.

இன்று பல கார்களில் அங்கே பாதி வேலைதான் முடிகிறது. எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி700 இரண்டும் 2021-ல் வந்த பிறகு, ‘அடாஸ்’ எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக் கார்களுக்கும் வந்துவிட்டன. 2022-ல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட், 2023-ல் ஹூண்டாய் வெர்னா, 2024-ல் புதிய கிரெட்டா என்று பட்டியல் நீண்டது. முன்னே போகும் வண்டி திடீரென நின்றால் தானே பிரேக் போடுவது, தடக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புவது, முன்வண்டியின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைப்பது ஆகியவை இவற்றின் வேலை. இதற்கான கண், உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும் சின்ன கேமரா. பல கார்களில் முன்பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ ஒரு ரேடாரும் உண்டு.

கேமராவைத் தாங்கும் பிடிப்பான் பெரும்பாலான கார்களில் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய கண்ணாடியோடு கேமராவின் இருக்கையும் போய்விடுகிறது. சில சுபாரு கார்களின் இரட்டைக் கேமரா போல, கூரையோடு பொருத்தப்பட்டவையும் புதிய கண்ணாடியின் வழியாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டும். புதிய இடத்திலிருந்து தான் எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைக் கேமராவுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுப்பதுதான் காலிபரேஷன். கடைகளில் இதை ‘ஸ்டாட்டிக்’, ‘டைனமிக்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது வண்டியை நிறுத்திவைத்துச் செய்வது, இரண்டாவது ஓட்டிச் செய்வது.

அரை டிகிரி என்ன செய்யும்?

ஒரே ஒரு கேமரா எப்படித் தூரத்தை அளக்கிறது என்று புரிந்துகொண்டால், இதில் ஏன் இத்தனை கவனம் என்பது விளங்கிவிடும். சாலை தட்டையானது என்றும், கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முன்னே போகும் காரின் டயர் சாலையைத் தொடும் இடம், தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று கேமரா பார்க்கிறது. அருகில் இருக்கும் வண்டி அதிகக் கீழே தெரியும். தொலைவில் இருப்பது தொடுவானத்தை ஒட்டித் தெரியும். 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் டயர் சுமார் ஒன்றரை டிகிரி கீழே இருக்கும்.

இப்போது கேமரா அரை டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அது கேமராவுக்குத் தெரியாது என்று வைப்போம். ஒன்றரை டிகிரியை அது ஒரு டிகிரி என்று படிக்கும். கணக்குப் போட்டால் 50 மீட்டரில் இருக்கும் கார், 75 மீட்டரில் இருப்பதாக விடை வரும். சாய்வு எதிர்ப்பக்கம் இருந்தால் அதே கார் 37 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். முதல் வகையில் எச்சரிக்கை தாமதமாக வரும். இரண்டாம் வகையில் காரணமே இல்லாமல் எச்சரிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். அவசர பிரேக் போடும் முடிவு எடுக்கப்படுவதும் அதே அளவு நேரத்துக்குள்தான்.

இது மேல் கீழ்ச் சாய்வு. இடம் வலமாக ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டரில் 87 சென்டிமீட்டர் விலகும். தடத்தின் அகலம் வழக்கமாக மூன்றரை மீட்டர். பக்கத்துத் தடத்தின் ஓரமாகப் போகும் பைக்காரரை நம் தடத்தில் இருப்பதாகவோ, நம் தடத்தின் ஓரத்தில் போகிறவரைப் பக்கத்துத் தடத்தில் இருப்பதாகவோ காட்ட இந்த விலகல் போதும்.

உண்மையான கேமராக்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் நம்பி ஓடுவதில்லை. வண்டியின் உருவம் பெரிதாகும் வேகத்தைப் பார்க்கின்றன. ரேடார் இருந்தால் அதன் அளவோடு ஒப்பிடுகின்றன. ஓட்டத்தில் வரும் சின்னச் சின்ன ஆட்டங்களையும் அவை சரிசெய்துகொள்கின்றன. ஆனாலும் அத்தனைக்கும் அடித்தளம் கேமரா எங்கே நோக்கியிருக்கிறது என்ற ஒரே தகவல்தான்.

அரை டிகிரி தவறுவது கடினமும் அல்ல. பிடிப்பானின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், அதன் ஒரு முனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்ந்தாலே அரை டிகிரி வந்துவிடும். கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசையின் கனம் மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் இருந்தால் கண்ணாடியின் சாய்வே மாறும். இவற்றைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

விளக்கு எரியவில்லை என்றால் சரியா?

கண்ணாடி மாற்றியவர்களில் பலர் சொல்வது இதுதான்: “டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எல்லாம் முன்பு போலத்தான் வேலை செய்கிறது.” இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது.

கண்ணாடி மாற்றப்பட்டதைக் கண்டறிய காரில் எந்த உணர்வியும் இல்லை. கேமராவின் இணைப்பைக் கழற்றி, புதிய கண்ணாடியில் மாட்டி, மறுபடி இணைத்தால், அது தன் நினைவில் இருக்கும் பழைய கோணத்தையே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். தொழிற்சாலையில் பழைய கண்ணாடிக்கு அளந்து எழுதிவைத்த கோணம் அது. விலகல் மிகப் பெரிதாக இருந்தால் சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடியதும் கண்டுபிடித்து விளக்கைப் போடும். புதிய கேமராவையே பொருத்தினால், நினைவில் எந்த மதிப்பும் இல்லாததால் உடனே எச்சரிக்கை வரும். சிறிய விலகலோ எந்தச் சத்தமும் இல்லாமல் தங்கிவிடும். கேமராவைப் பொறுத்தவரை படம் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்துக்குத் தவறான பொருள் கொள்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

நிறுத்திவைத்துச் செய்வது

ஸ்டாட்டிக் முறையில், கேமராவின் முன்னால் ஒரு குறிப்பலகையை வைக்கிறார்கள். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோ வட்டங்களோ அந்தக் கார் நிறுவனம் சொன்ன வடிவில் இருக்கும். பலகை காரிலிருந்து எத்தனை தூரத்தில், எந்த உயரத்தில், நடுக்கோட்டுக்கு எவ்வளவு நேராக நிற்க வேண்டும் என்பது கேமராவின் மென்பொருளுக்கு முன்பே தெரியும். ஸ்கேன் கருவி மூலம் கட்டளை கொடுத்ததும் கேமரா பலகையைப் பார்க்கிறது. ‘இந்தப் புள்ளி இங்கே தெரிய வேண்டும், ஆனால் சற்று வலப்புறம் தெரிகிறது, ஆகவே நான் இவ்வளவு திரும்பியிருக்கிறேன்’ என்று கணக்கிட்டு, அந்தக் கோணத்தை நினைவில் எழுதிக்கொள்கிறது. இந்த ஒரு நடவடிக்கைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதற்கு முந்தைய ஏற்பாட்டுக்குத்தான் நேரமெல்லாம் போகிறது.

தரை மட்டமாக இருக்க வேண்டும். வெளிச்சம் சீராக விழ வேண்டும். பலகையின் ஒரு பாதியில் வெயில் அடித்தால் கேமராவுக்குக் கட்டங்கள் பிரியாது. பின்னணியில் கட்டம் போட்ட ஷட்டர், பளபளக்கும் டைல்ஸ் போன்றவை கூடாது. டயர்களில் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். பின்னால் சுமை இருக்கக் கூடாது. உள்ளே ஆள் உட்காரக் கூடாது. இவையெல்லாம் காரின் நிலைச் சாய்வை மாற்றும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது காரின் நடுக்கோட்டைக் கண்டுபிடிப்பது. சில நிறுவனங்களின் முறையில், கொத்தனார் கையில் இருக்கும் அதே தூக்குக்குண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். முன் சின்னத்தின் நடுவிலிருந்தும் பின் சின்னத்தின் நடுவிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி வைத்து, இரண்டையும் நூலால் சேர்த்து, அந்தக் கோட்டை முன்னால் நீட்டுகிறார்கள். இரு குறிகளுக்கும் இடையே நான்கரை மீட்டர் இருக்கும் காரில், ஒரு குறி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 50 மீட்டர் தூரத்தில் 11 சென்டிமீட்டர் விலகும். பம்பர் மாற்றிய காரில் சின்னமே நடுவில் இல்லாமல் போயிருக்கலாம்.

வேறு சில முறைகள் சின்னங்களை நம்பாமல், பின்சக்கரங்களில் லேசர் கருவிகளை மாட்டி, அவை காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்று அளக்கின்றன. கார் உண்மையில் போகும் திசையைத் தீர்மானிப்பது பின்சக்கரங்கள் என்பதால் இது அதிக நம்பகமானது. பின் அச்சு கோணலாக இருந்தால் வண்டி உடலை ஒரு பக்கம் திருப்பியபடியே நேராக ஓடும். அந்தக் காரின் கேமராவை உடலுக்கு நேராக வைத்தால் பாதைக்கு நேராக இருக்காது. வீல் அலைன்மென்ட் தவறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் காலிபரேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஓட்டிச் செய்வது

டைனமிக் முறையில் பலகை கிடையாது. ஸ்கேன் கருவியை இணைத்து, கேமராவைக் கற்கும் நிலைக்கு மாற்றி, சாலையில் ஓட்டுகிறார்கள். இங்கே சாலைக் கோடுகளே குறிப்பலகை. நேரான சாலையில் இடக்கோடும் வலக்கோடும் தொலைவில் ஒரே புள்ளியில் கூடுவது போலத் தெரியும் அல்லவா? கார் நேராக ஓடும்போது அந்தப் புள்ளிதான் கார் போகும் திசை. படத்தில் அது எங்கே விழுகிறது என்பதை நூற்றுக்கணக்கான சட்டங்களில் பார்த்து, சராசரி எடுத்து, தான் எவ்வளவு திரும்பியிருக்கிறோம், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று கேமரா கற்றுக்கொள்கிறது. ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, வேகம் என்ன என்பவை காரின் மற்ற உணர்விகளிலிருந்து வருகின்றன.

இதற்கு இருபுறமும் தெளிவான கோடு வேண்டும். பெரும்பாலும் 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீரான வேகம் வேண்டும். நேரான பாதை, பகல் வெளிச்சம், உலர்ந்த தரை வேண்டும். எல்லாம் அமைந்தால் கால் மணி நேரத்தில் முடியலாம். அமையாவிட்டால் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் முடியாது. டெஸ்லா கார்கள் முழுவதும் இப்படி ஓடியே கற்கின்றன. அதற்கு வழக்கமாக 32 முதல் 40 கிலோமீட்டர் ஆகும் என்று அந்நிறுவனத்தின் கையேடு சொல்கிறது.

நம் ஊரில் இந்த முறையின் சிக்கல் எங்கே என்று ஊகிப்பது எளிது. கோடு அழிந்த சாலைகள், நடுவில் நுழையும் இருசக்கர வண்டிகள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வேகத்தடை. சென்னை நகருக்குள் இதைச் செய்து முடிப்பது அரிது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற நீண்ட, கோடு தெரியும் பாதைக்குப் போக வேண்டும். ஐப்பசி மழையில் சாலை நனைந்து பளபளத்தால், அன்றைக்கு அந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

எது சிறந்தது?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கும் இல்லை, கடைக்காரருக்கும் இல்லை. அந்தக் கேமராவின் மென்பொருள் எதைக் கேட்கும்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதைத்தான் செய்ய முடியும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் பெரும்பாலும் பலகையைக் கேட்கும். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பெரும்பாலும் ஓட்டத்தைக் கேட்கும். சில கார்கள் பலகை முடிந்த பின் ஓட்டத்தையும் கேட்கும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு முறை மாறுவதும் உண்டு.

இரண்டின் தவறுகள் வெளிப்படும் விதம்தான் முக்கியமான வேறுபாடு. ஓட்டத்தில் நிலைமை சரியில்லை என்றால் கேமரா பெரும்பாலும் முடிக்க மறுக்கும்; வேலை இழுத்துக்கொண்டே போகும்; தவறு நம் கண்முன்னே தெரியும். பலகை முறையில், கேமரா பலகையை முழுதாக நம்புகிறது. பலகை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றால், அந்தத் தவறு தன் எல்லைக்குள் இருக்கும்வரை, ‘வெற்றி’ என்று காட்டிவிட்டுத் தவறான கோணத்தை எழுதிக்கொள்ளும். கருவியின் திரையில் வரும் பச்சைக் குறி, கேமராவும் பலகையும் ஒத்துப்போயின என்று மட்டுமே சொல்கிறது. பலகையும் காரும் ஒத்துப்போயினவா என்பதை அளந்தவர் மட்டுமே அறிவார்.

ரேடாருக்கு என்ன வேலை?

ரேடார் பம்பரில் இருக்கிறது; கண்ணாடியை மாற்றினால் அது ஏன் கலைய வேண்டும் என்று கேட்பது நியாயம். பல கார்களில் அது கலையாது. ரேடாரைத் தொட வேண்டிய அவசியமும் வராது. மூன்று சூழல்களில் மட்டும் பார்க்க வேண்டியிருக்கும். முதலாவது, கேமராவும் ரேடாரும் ஒரே பெட்டியாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கார்கள். 2015-ல் வந்த வால்வோ எக்ஸ்சி90 அப்படிப்பட்டது. இரண்டாவது, இரண்டு உணர்விகளும் ஒரே பொருளைப் பற்றி ஒத்துப்பேச வேண்டும் என்பதால், கேமரா வேலைக்குப் பிறகு ரேடாரையும் சரிபார்க்கச் சொல்லும் நிறுவனங்கள். மூன்றாவது, கண்ணாடி உடைந்த அதே விபத்தில் பம்பரும் அடிபட்ட கார்கள்.

முன் ரேடார்கள் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்பவை. நிறுத்திவைத்துச் செய்யும் முறையில் கட்டம் போட்ட பலகைக்குப் பதிலாக, மூன்று உலோகத் தகடுகள் ஒரு மூலையில் கூடும் முக்கோணப் பிரதிபலிப்பானை நடுக்கோட்டில் வைக்கிறார்கள். அருகில் இரும்பு ஸ்டாண்டோ ஜாக்கியோ இருந்தால் அதுவும் எதிரொலி கொடுத்துக் குழப்பும். மேல் கீழ்ச் சாய்வைப் பல கார்களில் ரேடாரின் முகத்தில் டிஜிட்டல் மட்டக் கருவியை வைத்து அளந்து, திருகைத் திருப்பிச் சரிசெய்வார்கள்.

ஓட்டிச் செய்யும் முறையில் ரேடார் கற்கும் விதம் அழகானது. கார் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. நேர் எதிரே இருக்கும் ஒரு கம்பம் அதே 20 மீட்டர் வேகத்தில் நெருங்கும். 20 டிகிரி ஓரமாக இருக்கும் கம்பமோ 18.8 மீட்டர் வேகத்தில்தான் நெருங்குவதாகத் தெரியும். ரேடார் வேகத்தை மிகத் துல்லியமாக அளக்கும். அந்தக் கம்பம் 22 டிகிரியில் இருப்பதாக ரேடார் நினைத்தால், 18.5 மீட்டர் வேகத்தை எதிர்பார்க்கும். எதிர்பார்த்ததும் கண்டதும் பொருந்தவில்லை. இடப்பக்கக் கம்பங்களில் ஒரு திசையிலும் வலப்பக்கக் கம்பங்களில் எதிர்த்திசையிலும் அந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால், தான் இரண்டு டிகிரி திரும்பியிருப்பதாக ரேடார் முடிவுசெய்கிறது. சாலையோர வேலிகளும் விளக்குக் கம்பங்களும் அதற்குப் பாடம் நடத்துகின்றன. ஆனால் திருத்திக்கொள்ளும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி வளைந்த பிடிப்பானைக் கையால்தான் நிமிர்த்த வேண்டும்.

ஒரு காரின் இரண்டு நாள்

இவையெல்லாம் ஒரு பட்டறையில் எப்படி நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். கேமராவும் ரேடாரும் உள்ள ஒரு நடுத்தர எஸ்யூவி. ஜிஎஸ்டி சாலையில் கல் பட்டுக் கண்ணாடி விரிந்திருக்கிறது. நிறுவனத்தின் முறை: பலகை, பிறகு ஓட்டம்.

முதல் வேலை, கண்ணாடியைக் கழற்றும் முன் ஸ்கேன் செய்து, ஏற்கெனவே என்ன பிழைகள் இருக்கின்றன என்று பதிவு செய்வது. அடுத்து புதிய கண்ணாடியைச் சரிபார்ப்பது. கேமரா பிடிப்பான் அதே வகையா, கேமரா பார்க்கும் பகுதியில் அலை அலையான நெளிவு இருக்கிறதா, அந்தப் பகுதிக்குச் சூடேற்றும் கம்பி முன்பு இருந்தால் இதிலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முன்கண்ணாடியில் வேகம் தெரியும் வசதி உள்ள கார் என்றால் அதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். ஒட்டிய பிறகு பசை இறுகும்வரை காத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பது பசையின் வகையைப் பொறுத்தது. ஈரப் பசையில் கண்ணாடி கொஞ்சம் இறங்கும் என்பதால், அதற்கு முன்பு எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை.

மறுநாள் காலை டயர் காற்று பார்க்கப்படுகிறது. டிக்கியைத் திறந்தால் தண்ணீர் கேன்களும் ஒரு அரிசி மூட்டையும். உரிமையாளர் கேட்கிறார்: “அண்ணே, இத்தனூண்டு பாரம் என்ன பண்ணிடப் போகுது?”

“சார், பின்பக்கம் ஒண்ணரை சென்டிமீட்டர் இறங்கினாலும் கணக்கு மாறும். எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.”

டெக்னீஷியன் சொல்வது சரி. சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் உள்ள காரின் பின்புறம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு டிகிரி உயரும். அந்த நிலையில் பலகையைக் காட்டியிருந்தால் கருவி பச்சை காட்டியிருக்கக் கூடும். மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டு வெறும் காராக நெடுஞ்சாலைக்கு வரும்போது, முன் சொன்ன கணக்கின்படி 50 மீட்டரில் இருக்கும் வண்டி 64 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும்.

சுமையை இறக்கி, நடுக்கோடு எடுத்து, பலகையை நிறுத்தி, கட்டளை கொடுக்கிறார்கள். திரையில் தோல்வி என்று வருகிறது. காரணம் தேடினால், ஷட்டரின் இடைவெளி வழியாக வெயில் பலகையின் ஓரத்தில் கோடாக விழுந்திருக்கிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுபடி செய்ததும் முடிகிறது. இந்தத் தோல்வியால் யாருக்கும் கேடில்லை; கேமரா தன்னால் பார்க்க முடியவில்லை என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

பிறகு ஓட்டம். வெளிவட்டச் சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கருவியைப் பார்க்கிறார். ஓட்டுபவரே திரையைப் பார்ப்பது கூடாது. கோடு மங்கிய ஓரிடத்தில் முன்னேற்றம் நின்று, அடுத்த நேர்ப்பாதையில் மறுபடி தொடங்கி முடிகிறது. ரேடாரின் விலகல் மதிப்பும் படிக்கப்படுகிறது. எல்லைக்குள் இருப்பதால் திருகைத் தொடவில்லை. கடைசியாக மறு ஸ்கேன். பிழை எதுவும் இல்லை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள்: என் காருக்கு எந்த முறை, அதை நீங்களே செய்வீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? காப்பீட்டில் செய்வதாக இருந்தால், காலிபரேஷன் கட்டணம் மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சேர்க்கச் சொன்னால் வீண் வாக்குவாதம் வரும்.

வண்டியை எடுக்கும்போது முன் ஸ்கேன், பின் ஸ்கேன், காலிபரேஷன் முடிவு ஆகிய மூன்றின் அச்சுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். வண்டி எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். சில நிறுவனங்களின் பிழைக் குறியீடுகளின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொருள் உடையவை: `54` என்று முடிந்தால் காலிபரேஷன் செய்யப்படவில்லை, `78` என்று முடிந்தால் பொருத்திய கோணம் சரியில்லை. பின் ஸ்கேனில் இவை இருக்கக் கூடாது.

புதிய கண்ணாடிக்குப் புதிய ஃபாஸ்டேக் வேண்டியிருக்கும். உரித்த பழையது மறுபடி வேலை செய்யாது. அதை வழக்கமாக ஒட்டும் இடம் உட்புறக் கண்ணாடியின் அருகே, கேமராவுக்குப் பக்கத்தில்தான். கேமராவின் முன்னால் கறுப்புப் பட்டைக்குள் விடப்பட்டிருக்கும் தெளிவான பகுதியை அது தொடக் கூடாது. ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம், சாமி ஸ்டிக்கர், தொங்கும் மாலை எல்லாவற்றுக்கும் இதே விதி. பம்பரில் ரேடார் இருக்கும் இடத்தில் இரும்புக் காவல் கம்பியோ கூடுதல் உலோகச் சின்னமோ பூட்டக் கூடாது.

அடுத்த சில வாரங்கள் காரின் நடத்தையைக் கவனியுங்கள். தடத்தைப் பிடிக்கும் உதவி இருக்கும்போது வண்டி எப்போதும் ஒரே பக்கக் கோட்டை ஒட்டிப் போகிறதா? இரண்டு கோடும் தெளிவாக இருந்தும் திரையில் ஒன்று மட்டும் தெரிகிறதா? காலியான சாலையிலோ மேம்பாலத்தின் அடியிலோ திடீரென பிரேக் பிடிக்கிறதா? நேரான சாலையில் பக்கத்துத் தடத்து லாரிக்காக வேகத்தைக் குறைக்கிறதா? கண்ணாடி மாற்றும் முன் இல்லாத இந்த வழக்கங்கள் இப்போது வந்திருந்தால், அச்சுப் பிரதியோடு பட்டறைக்குத் திரும்புங்கள். அதுவரை அந்த உதவிகளை அணைத்துவைத்து ஓட்டுங்கள். அவசர பிரேக்கைச் சோதிக்க அட்டைப் பெட்டியையோ ஆளையோ முன்னால் நிறுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பல கார்கள் அட்டைப் பெட்டியைத் தடையாகவே கணக்கில் எடுக்காது. ஆகவே அது நின்றாலும் நிற்காவிட்டாலும் காலிபரேஷனைப் பற்றி எதுவும் தெரியவராது. டயர் காற்றிலிருந்து நடுக்கோடு வரை ஒவ்வொன்றையும் அளந்து எழுதிய தாள்தான் அதற்கான சான்று. அந்தத் தாளைத் தர மறுக்கும் கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.